திங்கட்கிழமைத் தும்மல்

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளம் கூரைக்குக் கீழே இருக்கிறது. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் சுவர். காலை ஆறு மணிக்குக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாலே மூக்கில் அந்த வாசனை ஏறும். பத்து வருடமாக நீந்துகிறேன். அந்த வாசனைதான் சுத்தமான குளத்துக்கு அடையாளம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் தொண்டை மக்கர் செய்ய ஆரம்பித்தது. நீந்தி முடித்த அரை மணியில் உள்ளே மிளகாய்த் தூள் ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு கரகரப்பு. பத்து மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தால் மூக்கிலிருந்து தண்ணீராய்க் கொட்டும். ராத்திரி படுத்தால் வரிசையாக ஏழெட்டுத் தும்மல், ஒரு பக்க மூக்கு அடைப்பு. காய்ச்சல் கிடையாது, உடம்பு வலி கிடையாது. ஜலதோஷம் என்று நினைத்து மிளகு ரசம், ஆவி, கடையில் வாங்கிய அலர்ஜி மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரை தூக்கத்தைக் கொடுத்ததே தவிர மூக்கை நிறுத்தவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தேன். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் தோட்டத்துக் கிணற்றில் முக்கால் மணி நேரம். பாசி மிதக்கும் தண்ணீர், படிக்கட்டில் தவளை. மூக்கு கப்சிப். சென்னை திரும்பிய திங்கட்கிழமை குளத்தில் இறங்கினேன், பத்து மணிக்குக் கைக்குட்டை நனைந்துவிட்டது. அன்றைக்குத்தான் சந்தேகம் உடம்பின் மேலிருந்து குளத்தின் மேல் திரும்பியது.

ஒரு சின்ன நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். மூன்று வாரத்தில் ஒன்று தெளிவானது: திங்கட்கிழமைதான் மோசம், புதன், வியாழன் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் குளத்தில் கூட்டம் நெரியும். குழந்தைகள், விருந்தாளிகள், குழந்தைகளைப் பார்க்க வந்து கடைசியில் தாங்களும் இறங்கிவிடும் மாமாக்கள். குளத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை கூட்டம்ல சார், ராத்திரி ப்ளீச்சிங் பவுடர் ரெண்டு கை சேர்த்துப் போட்டேன். அதான் தூக்கலா இருக்கு. நாளைக்குக் குறைச்சிடறேன்" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. வாசனை தூக்கலாக இருந்தால் குளோரின் அதிகம், குறைத்தால் சரியாகிவிடும். குளத்தில் இறங்குகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ்.

தண்ணீரில் போட்ட குளோரினுக்கு அங்கே இரண்டு நிலை உண்டு. யார் மேலும் இன்னும் பாயாமல் கிருமிக்காகக் காத்திருப்பது ஒன்று. அதை ஃப்ரீ குளோரின் என்பார்கள், நாம் தனிக் குளோரின் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, மனிதர்கள் விட்டுப்போன வியர்வை, சிறுநீர், தோல் அழுக்கு ஆகியவற்றிலுள்ள நைட்ரஜனோடு பிணைந்துவிட்ட குளோரின். பிணைந்த பிறகு உருவாவதற்குக் குளோரமின் என்று பெயர். குளோரமினுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி மிகக் குறைவு, எரிச்சல் கிளப்பும் சக்தி மிக அதிகம். ஒரு நைட்ரஜன் எத்தனை குளோரினைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்து மோனோ, டை, ட்ரை என்று மூன்று வகை. கடைசியான ட்ரைகுளோரமின்தான் நம் எதிரி. அது தண்ணீரில் தங்க விரும்பாது, ஆவியாகி மேலே வந்துவிடும். கதவைத் திறந்ததும் வருகிற 'குளோரின் வாசனை' பெரும்பாலும் அதன் வாசனைதான். தனிக் குளோரின் சரியான அளவில் இருக்கிற குளத்தில் வாசனை லேசாகத்தான் இருக்கும்.

மேலே வந்த ட்ரைகுளோரமின் எங்கே போகிறது என்று பார்த்தால் என் தொண்டைக்கு விடை கிடைக்கிறது. தண்ணீர்ப் பரப்பை ஒட்டிய காற்றில்தான் அது அடர்த்தியாக இருக்கும். நீந்துகிறவன் தலையைத் திருப்பி வாயால் மூச்சை இழுப்பதும் அதே காற்றைத்தான். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி மூக்கால் மெதுவாக, நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்றை இழுக்கிறார். வேகமாக நீந்துகிறவன் இழுப்பது அதைப்போல் பல மடங்கு, அதுவும் வாய் வழியாக. மூக்கில் வடிகட்டி, ஈரமாக்கி அனுப்பும் வேலை எதுவும் நடக்காமல் காற்று நேரே தொண்டைச் சவ்வில் போய் மோதுகிறது. வாரத்துக்கு ஒருநாள் வந்து கும்மாளம் போடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் தினமும் நாற்பது சுற்று நீந்துகிறவனுக்கு மட்டும் தொந்தரவு வருவது இதனால்தான். குளத்திலேயே நாள் முழுக்க நிற்கும் பணியாளர்களுக்கு இது ஆஸ்துமா வரைக்கும் போகக்கூடும் என்று பிரிட்டனில் 2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. மூடிய குளங்களில் காற்றிலுள்ள குளோரமின் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

மூக்குக்கு இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. உடம்பின் நீரில் உப்பு நூற்றுக்கு 0.9 பங்கு. குளத்துத் தண்ணீரில் அவ்வளவு உப்பு கிடையாது. அது மூக்குக்குள் புகுந்தால் சவ்வு ஊறி எரியும், குளோரினே இல்லாவிட்டாலும் எரியும். கிணற்றில் தலைகீழாகக் குதித்து மூக்கில் தண்ணீர் ஏறியவர்களுக்கு இது தெரியும். ஆனால் அந்த எரிச்சல் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். பத்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி வரை ஒழுகுவது வேறு சமாசாரம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இது அலர்ஜி மாதிரி இருக்கு, ஆனா அலர்ஜி இல்லை. சவ்வு புண்ணான மாதிரி சிவந்திருக்கு. அதான் மாத்திரை கேக்கல. நீங்க குளத்தைப் பாருங்க" என்றார். நெஞ்சு இறுக்கமோ, இரவில் இருமலோ, மூச்சு விடும்போது விசில் சத்தமோ இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருந்திருந்தால் மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார். எனக்கு இல்லை.

குளத்தைப் பார்ப்பதென்றால் முதலில் அளந்து பார்க்க வேண்டும். எங்கள் மோட்டார் ரூமிலும் ஒரு டெஸ்ட் கிட் இருந்தது, பல குளங்களில் இருக்கிற அதே கிட். இரண்டு குழாய். ஒன்றில் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும், அது குளோரினுக்கு. இன்னொன்று சிவப்பாகும், அது பி.எச். அளவுக்கு. அன்று காலை மஞ்சள் நன்றாக அடர்ந்துதான் வந்தது. அண்ணன் அதைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, எவ்வளவு இருக்கு" என்றார். சிக்கலே அந்த மஞ்சளில்தான். ஆர்த்தோடொலிடின் என்ற அந்தச் சொட்டு மருந்து தனிக் குளோரினைக் கண்டாலும் நிறம் மாறும், பிணைந்த குளோரினைக் கண்டாலும் மாறும். ஓரிரு நிமிடம் வைத்துப் பார்த்தால் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை. மளிகைக் கடையில் பணத்தையும் கடன் சீட்டையும் ஒரே கல்லாவில் போட்டு எண்ணினாற்போல். கல்லா நிறைந்திருக்கிறது, கையில் காசு இல்லை.

பிரித்துப் பார்க்க டி.பி.டி. என்ற மாத்திரை வேண்டும். இணையத்தில் ஒரு கிட் வாங்கினேன். குழாயில் தண்ணீர் எடுத்து 1ஆம் எண் மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு. அந்த நிறம் தனிக் குளோரினை மட்டும் சொல்லும். அதே குழாயில் 3ஆம் எண் மாத்திரையைச் சேர்த்து இரண்டு நிமிடம் பொறுத்தால் சிவப்பு அடரும். அது மொத்தம். இரண்டின் வித்தியாசம் பிணைந்தது.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் குளம் காட்டியது இது: தனிக் குளோரின் 0.5 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம். மொத்தம் 2.1. ஆகவே பிணைந்தது 1.6. பி.எச். 8.0. தனிக் குளோரின் குறைந்தது 1 ஆவது இருக்க வேண்டும், 3 வரை போகலாம். பிணைந்தது 0.4க்குக் கீழே இருக்கட்டும் என்கிறார்கள் அமெரிக்கர்கள். ஜெர்மானியர்கள் கறார், அவர்களுக்கு 0.2தான். நாங்கள் அதற்கு எட்டு மடங்கில் இருந்தோம். மூக்கைப் பிய்க்கிற அந்தக் குளத்தில் குளோரின் அதிகமாக இல்லை, பற்றாமல் இருந்தது. போதாததற்கு பி.எச். 8இல் இருந்தால் இருக்கிற தனிக் குளோரினிலும் கால் பங்குதான் கிருமியை வேகமாகக் கொல்லும் வடிவில் இருக்கும். 7.2இல் அது மூன்றில் இரண்டு பங்கு.

இதில் பயப்படவும் விஷயம் இருக்கிறது. தொண்டை எரிகிறது என்று புகார் வந்தால் அண்ணன் பவுடரைக் குறைப்பார். தனிக் குளோரின் இன்னும் இறங்கும், கிருமிக்குக் கொண்டாட்டம். குளோரின் போதாத, தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீர் மூக்குக்குள் போய் மூளையைத் தின்னும் அமீபா தொற்றுவதைக் கேரளத்தில் 2024லும் 2025லும் பார்த்தோம். அப்படியே கூட்டம் சேர்கிற நாளில் இரண்டு கை கூட்டிப் போட்டாலும் பயனில்லை. காரணம், குளோரமின் உடைவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. கொஞ்சமாகக் குளோரின் சேர்த்தால் அதுவும் நைட்ரஜனோடு சேர்ந்து குளோரமினாகவே மாறிக் கணக்கைக் கூட்டும். தொடர்ந்து சேர்த்து ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் குளோரமின் நைட்ரஜன் வாயுவாக உடைந்து காற்றில் போகும். அந்தக் கட்டத்துக்கு பிரேக் பாயிண்ட் என்று பெயர். ரெண்டு கை பவுடர் எங்களை மேட்டின் பாதியில் ஏற்றி அங்கேயே விட்டுவிட்டது. எரிச்சல் அதிகம் இருக்கும் இடமும் அந்த மேட்டில்தான்.

குளத்து ஆட்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு எளிது: பிணைந்த குளோரினைப் போல் பத்து மடங்கு ஒரே தடவையில் போட வேண்டும். எங்களுக்கு 16 பி.பி.எம். எங்கள் குளம் 14 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம். சுமார் ஒரு லட்சம் லிட்டர். ஒரு லட்சம் லிட்டரில் 1 பி.பி.எம். என்பது 100 கிராம் குளோரின். 16க்கு 1.6 கிலோ. சாதாரண ப்ளீச்சிங் பவுடரில் குளோரின் முப்பது சதவீதம் வாக்கில்தான், ஆக ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டும். எங்கள் மோட்டார் ரூமில் வாய் திறந்தபடி கிடந்த சாக்கில் அந்த முப்பதும் இருந்திருக்காது. சென்னை ஈரக்காற்று அதன் வீரியத்தைத் தினமும் கொஞ்சம் தின்னும். எனவே 65 சதவீதக் குருணை வாங்கினோம், கிட்டத்தட்ட இரண்டரை கிலோ.

முந்தின நாளே பி.எச்.சை இறக்கினோம். ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து, பம்ப் ஓடும்போது, இரண்டு தவணையாக விட்டு 7.4க்குக் கொண்டுவந்தார் அண்ணன். இதற்கும் குளோரின் போடுவதற்கும் நடுவே ஓர் இரவு இடைவெளி விட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சந்தித்தால் குளோரின் வாயு பொங்கும், மூடிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும். இரண்டுக்கும் ஒரே வாளியைப் பயன்படுத்தக்கூட நான் விடவில்லை. மறுநாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்ணாடிக் கதவுகளை எல்லாம் திறந்து, மின்விசிறிகளைப் போட்டு, குருணையை வாளி வாளியாகத் தண்ணீரில் கரைத்து ஓரமாகச் சுற்றி ஊற்றினோம். பம்ப் விடிய விடிய ஓடியது. வாசலில் 'குளம் மூடல்' பலகை.

மறுநாள் காலை அங்கே வாசனை நெடியடித்தது, நான் வெளியே நின்றபடியே மாதிரி எடுத்தேன். மாத்திரையைப் போட்டதும் சிவப்பு ஒரு கணம் வந்து மங்கிவிட்டது. குளோரினே இல்லையோ என்று பதறினேன். பிறகுதான் புரிந்தது: குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறத்தையே வெளுத்துவிடும். குளத்துத் தண்ணீருடன் நாலு மடங்கு வடிகட்டிய குடிநீர் கலந்து மறுபடி பார்த்ததும் எண் வந்தது. தனிக் குளோரின் 3க்குக் கீழே இறங்க முழுசாக இரண்டு நாள். கூரைக்குக் கீழே வெயில் படாது, அதனால் இறக்கம் மெதுவாகத்தான். மூன்றாம் நாள்: தனிக் குளோரின் 2.4, பிணைந்தது 0.3. நீந்தினேன். அன்று பகல் கைக்குட்டையை எடுக்கவே இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று வாரத்தில் பிணைந்தது 0.9க்கு வந்துவிட்டது. வியர்வையிலும் சிறுநீரிலும் இருக்கும் யூரியா குளோரினோடு மிக மெதுவாகத்தான் வினைபுரியும். பிரேக் பாயிண்ட் அன்று உடையாமல் தண்ணீரில் மிச்சமிருந்து, பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரமினாக மாறிக்கொண்டிருந்தது. அதைக் கழிக்கத் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. ஜெர்மன் தர விதி ஒரு நீச்சல்காரருக்கு 30 லிட்டர் புதுத் தண்ணீர் என்கிறது. எங்கள் கணக்கில் வாரத்துக்கு ஐந்நூறு பேர் இறங்குகிறார்கள், 15,000 லிட்டர். வாரம் இரண்டு முறை மணல் வடிகட்டியைத் தலைகீழாக ஓட்டிக் கழுவும் பேக்வாஷில் நாலாயிரம் வெளியே போகிறது, அதை நிரப்புகிறோம். மிச்சத்துக்கு ஒரு 12,000 லிட்டர் டேங்கர். சங்கக் கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். மார்ச் மாதச் சென்னையில் குளத்துக்கு டேங்கரா என்று கேட்டார்கள். கேட்டது தப்பில்லை. மாதத்துக்கு இரண்டு என்று முடிவானது.

யூரியா உள்ளே வருவதைக் குறைக்கிற வழி தண்ணீரைவிட மலிவு, ஆனால் ஆளைத் திருத்துவதைவிட டேங்கர் எளிது. குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் ஷவரில் நின்று தேய்த்துக் குளித்தால் வியர்வையும் தோல் எண்ணெயும் பெரும்பகுதி போய்விடும். எங்கள் ஆட்கள் காலை மட்டும் நனைப்பார்கள். மற்றதைப் பற்றிச் சங்கடத்தோடு சொல்ல வேண்டும். கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உடம்பில் செரிக்காமல் சிறுநீரில் அப்படியே வெளியேறும் ஒரு செயற்கை இனிப்பைக் குளத்துத் தண்ணீரில் அளந்தது. 8.3 லட்சம் லிட்டர் குளம் ஒன்றில் மூன்று வாரத்தில் சேர்ந்த சிறுநீர் சுமார் 75 லிட்டர் என்று கணக்கு வந்தது. அந்தச் செய்தியைச் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் போட்டேன். இரண்டு நாள் யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு குழந்தைகளை வகுப்புக்கு முன்னால் கழிவறைக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

மூக்குக்கு நான் செய்வது இரண்டுதான். ரப்பர் மூக்குக் கிளிப்: முதல் வாரம் கழுதை மாதிரி தோன்றும், பிறகு மறந்துவிடும். தண்ணீர் உள்ளே போகாததால் பாதி எரிச்சல் மிச்சம். இரண்டாவது, நீந்தியதும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை மூக்குக்குள் விடக் கூடாது, கேரளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்கு அதுவும் இல்லை. காற்று சரியானால்தான் அது சரியாகும். கண்ணாடிக் கதவுகளை விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறோம். மின்விசிறிதான் இன்னும் தகராறு. கரண்ட் பில் என்று இரவில் யாரோ நிறுத்திவிடுகிறார்கள்.

அண்ணன் இப்போது மஞ்சள் சொட்டைக் கடாசிவிட்டார். தினமும் காலை இரண்டு எண்களை நோட்டில் எழுதுகிறார். போன வாரம் மூன்றாவது மாடி அம்மா ஒருவர் இறங்காமல் படியில் நின்றுகொண்டு, "இன்னிக்குக் குளோரின் போடலையாப்பா? வாசனையே வரலியே" என்று கேட்டார். "போட்டிருக்கேம்மா, அதான் வரல" என்று சொல்லி இளஞ்சிவப்புக் குழாயை நீட்டினார். அவருக்குத் திருப்தியில்லை. அன்று அவர் நீந்தவில்லை.

மே மாதம் கோடைக்கால முகாம் தொடங்கிவிட்டது. அறுபது பிள்ளைகள், தினமும் இரண்டு வகுப்பு. இன்று காலை நோட்டில் தனிக் குளோரின் 1.6, பிணைந்தது 0.6. தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. டேங்கருக்குச் சொல்லியாயிற்று.